ஃபிரிட்ஜ் டயலையும் ஃப்ரீசர் டயலையும் எந்த எண்ணில் வைப்பது? வெக்கையும் ஈரமும் உள்ள வீடுகளுக்கான கேள்வி பதில்

ரெண்டு டயல் இருக்கு, ரெண்டுலயும் 1 முதல் 5 வரை நம்பர். வீட்டுல வெக்கை தாங்கலை. சுருக்கமா சொல்லுங்க, எதுல வைக்கணும்?

இரண்டையும் 3-ல் வைத்துத் தொடங்குங்கள். ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு உள்ளே எத்தனை டிகிரி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு டயல், ஒரே ஒரு எண் என்று மாற்றுங்கள். சூடான வீடுகளில் பெரும்பாலும் ஃபிரிட்ஜ் டயல் 3 அல்லது 4-லும், ஃப்ரீசர் டயல் 2 அல்லது 3-லும் போய் நிற்கும். இரண்டையும் 5-ல் வைப்பதுதான் பலரும் செய்வது. அது சரியாக அமைவது மிக அபூர்வம். ஏன் என்பதற்குத்தான் கீழே இவ்வளவு நீளமான விளக்கம்.

5 தான் அதிகக் குளிரா, இல்ல 1-ஆ?

5 தான் அதிகக் குளிர். 0 என்று ஒரு எண் இருந்தால் அது நிறுத்தும் நிலை.

அப்ப 3-ன்னா 3 டிகிரியா?

இல்லை. அந்த எண்களுக்கும் டிகிரிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. டயலுக்குப் பின்னால் இருப்பது தெர்மோஸ்டாட் என்கிற ஒரு சுவிட்ச். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று உள்ளே போகும், அதில் வாயு அடைத்திருக்கும். உள்ளே குளிர்ந்தால் வாயுவின் அழுத்தம் குறையும், ஒரு கட்டத்தில் சுவிட்ச் திறந்து கம்ப்ரசர் நிற்கும். சூடு ஏறினால் அழுத்தம் கூடி மறுபடி ஓடும். நீங்கள் டயலைத் திருப்பும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகுகிறது அல்லது தளர்கிறது. அதனால் கம்ப்ரசர் நிற்கும் புள்ளி சற்று மேலேயோ கீழேயோ நகர்கிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு மாடலின் 3 இன்னொரு மாடலின் 3-க்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே மாடல் இரண்டு வெவ்வேறு சமையலறைகளில் இருந்தாலும் அதே கதைதான்.

எண்ணை விட்டுவிட்டு இலக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் பகுதி 3 முதல் 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி. ஃபிரிட்ஜ் 5 டிகிரியைத் தாண்டி நிலையாக நின்றால் பாலும் சமைத்த உணவும் சீக்கிரம் கெடத் தொடங்கும். 1 டிகிரிக்குக் கீழே போனால் கீரையும் காய்கறியும் உறைந்து கருகும். இந்த நடுப்பகுதி குறுகலானது, ஆனால் டயலை வைத்தே அதற்குள் நிறுத்திவிடலாம்.

வெளியே 36 டிகிரி அடிக்குது. அதுக்கு ஏத்த மாதிரி டயலைக் கூட்ட வேண்டாமா?

கூட்டவேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் வேலையைத் தெர்மோஸ்டாட் தானாகவே செய்துகொள்கிறது. வெளியே சூடு கூடினால் சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் அதிக வெப்பம் உள்ளே வரும், உள்ளே சீக்கிரம் சூடேறும், கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும். அது நிற்கும் புள்ளி மட்டும் மாறுவதில்லை. இதமான நாட்களில் மணிக்கு இருபது நிமிடம் ஓடிய கம்ப்ரசர் கடும் வெயிலில் நாற்பது, ஐம்பது நிமிடம் ஓடலாம். அது பழுது இல்லை. இரண்டு பக்கச் சுவர்களும் தொட்டால் சுடுவதும் பழுது இல்லை. பல மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் ஓடுகின்றன.

நடைமுறையில் ஒரு எண் கூட்ட வேண்டியிருக்கும். காரணம், வெக்கை நாட்களில் கதவு அதிகம் திறக்கப்படுகிறது, உள்ளே வைக்கிற பொருளும் வெதுவெதுப்பாகவே வருகிறது. அதற்கு 3-லிருந்து 4 போதும்.

இதிலேயே இன்னொரு தப்பான எண்ணம் உண்டு: 5-ல் வைத்தால் வேகமாகக் குளிரும் என்பது. சாதாரண கம்ப்ரசருக்கு ஓடுவது, நிற்பது என்று இரண்டே நிலை. 2-ல் வைத்தாலும் 5-ல் வைத்தாலும் ஓடும்போது ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 5-ல் வைத்தால் நிற்காமல் தொடரும், அது ஒன்றுதான் வித்தியாசம். வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் கொஞ்சம் மாறுதல் உண்டு. ஆனால் அவற்றிலும் சூடான உணவை வைத்துவிட்டு 5-க்குத் திருப்பி, பிறகு மறந்துபோவது நல்ல பழக்கம் இல்லை.

ஒரு எல்லையும் இருக்கிறது. ஃபிரிட்ஜின் உள்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலநிலை வகுப்பு என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். டி என்றால் 43 டிகிரி வரை வெப்பம் உள்ள அறைக்காக வடிவமைத்தது, எஸ்டி என்றால் 38 வரை, என் அல்லது எஸ்என் என்றால் 32 வரைதான். 32 வரை தாங்கும் ஃபிரிட்ஜை 37 டிகிரி சமையலறையில் வைத்துவிட்டு டயலைத் திருப்பிக்கொண்டே இருந்தால் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடுமே தவிர, உள்ளே இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது.

ரெண்டு டயலையும் 5-ல வச்சிருக்கேன். மேல ஃப்ரீசர் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, கீழ பால் மறுநாளே புளிக்குது. இது எப்படி?

இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி. பதிலும் கொஞ்சம் நீளம்.

மேலே ஃப்ரீசர், கீழே ஃபிரிட்ஜ் என்று இரண்டு கதவு உள்ள, பனி கட்டாத மாடல்கள் பலவற்றில் குளிர்விக்கும் காயில் என்கிற குழாய்ச் சுருள் ஒன்றே ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். அங்கே ஒரு சின்ன ஃபேன் சுழன்று குளிர்காற்றை ஃப்ரீசருக்குள் தள்ளும். அந்தக் காற்றில் ஒரு பங்கு மட்டும் ஒரு குழாய் வழியாகக் கீழே ஃபிரிட்ஜுக்கு இறங்கும். குழாயின் நடுவில் டேம்பர் என்கிற குட்டிக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் கீழே அதிகக் காற்று, மூடினால் மேலேயே தங்கிவிடும்.

அதாவது இரண்டு டயல் இருந்தாலும் இரண்டு தனித்தனி குளிர்சாதனங்கள் இல்லை. ஒரு டயல் தெர்மோஸ்டாட், கம்ப்ரசரை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. இன்னொன்று டேம்பர், இருக்கிற குளிரை இரண்டு பகுதிக்கும் பங்கு பிரிப்பது அதன் வேலை.

பழைய, எளிமையான பல மாடல்களில் ஃபிரிட்ஜ் பகுதியின் டயல் தெர்மோஸ்டாட், ஃப்ரீசர் டயல் டேம்பர். அங்கே ஃப்ரீசர் டயலை 5-க்குத் திருப்பினால் நீங்கள் கூடுதல் குளிரை உண்டாக்கவில்லை. கீழே போக வேண்டிய காற்றை மூடிவிட்டீர்கள், அவ்வளவே. கீழே இருக்கும் தெர்மோஸ்டாட்டோ இன்னும் குளிரவில்லை, இன்னும் குளிரவில்லை என்று கம்ப்ரசரை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். ஓட ஓடக் குளிரெல்லாம் மேலேதான் சேரும். ஃப்ரீசர் மைனஸ் 25-க்குப் போய்விடும், ஃபிரிட்ஜ் 9 டிகிரியில் தவிக்கும், மின்கட்டணமும் ஏறும். இதைப் பார்த்துவிட்டு கேஸ் போய்விட்டது, புதிதாக நிரப்ப வேண்டும் என்று யாராவது சொல்லவும் கூடும். பல நேரம் ஃப்ரீசர் டயலை 2-க்குக் கொண்டுவந்தாலே பால் பிழைத்துவிடும்.

வெக்கையில் இது இன்னும் மோசமாகும். தெர்மோஸ்டாட் கீழே இருக்கும் மாடலில், அறை சூடாக ஆக ஃபிரிட்ஜ் பகுதி அதிகமாகக் குளிரைக் கேட்கும், கம்ப்ரசர் அதிகமாக ஓடும், அதனால் ஃப்ரீசர் கேட்காமலேயே கூடுதலாகக் குளிரும். கோடையில் ஃப்ரீசர் டயலைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைப்பதுதான் இந்த வகைக்குப் பொருத்தம். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் காற்று போகும் வழியை நினைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

என்னோடதுல எந்த டயல் தெர்மோஸ்டாட், எது டேம்பர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் பார்வையிலேயே ஒரு துப்பு கிடைக்கும். எந்த டயலில் 0 அல்லது நிறுத்தும் நிலை இருக்கிறதோ அது தெர்மோஸ்டாட். அந்த அடையாளம் இல்லையென்றால், ஃபிரிட்ஜ் இரவு முழுக்க ஓடி நன்றாகக் குளிர்ந்திருக்கும் ஒரு காலையில் இதைச் செய்யுங்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, ஒரு டயலை மெதுவாக 1-ஐ நோக்கித் திருப்புங்கள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்து பின்னால் ஓடும் சத்தம் நின்றால் அதுதான் தெர்மோஸ்டாட். எதுவும் நடக்கவில்லை என்றால் மற்ற டயலில் முயலுங்கள்.

நின்றதும் உடனே பழைய எண்ணுக்குத் திருப்பிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் போகட்டும். அப்போதுதான் கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாகும். அதற்கு முன் ஓடவைத்தால் அது திணறி, பாதுகாப்பு சுவிட்ச் துண்டித்துக்கொள்ளும்.

ஃப்ரீசர் டயல்தான் தெர்மோஸ்டாட் என்று தெரிந்தால் கணக்கு மாறும். அங்கே ஃப்ரீசர் எண்ணைக் கூட்டினால் கம்ப்ரசர் அதிகம் ஓடி இரண்டு பகுதியும் குளிரும். ஃபிரிட்ஜ் டயலைக் கூட்டினால் கீழே அதிகக் காற்று இறங்கும். இந்த வகையில் கீழே சூடாக இருந்தால் முதலில் ஃபிரிட்ஜ் டயலை ஒரு எண் கூட்டுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 18-க்கு மேலே வந்துவிட்டால் மட்டும் ஃப்ரீசர் டயலைத் தொடுங்கள். இரண்டு டயலும் மின்னணுப் பலகையோடு இணைந்து, இரண்டு பகுதிக்கும் தனித்தனி உணரி வைத்த மாடல்களும் உண்டு. அவற்றில் இந்த இழுபறி அவ்வளவாக இருக்காது. டிக் சத்தமும் வராது.

தெர்மாமீட்டரை உள்ள வச்சா ஒரு தடவை 2 காட்டுது, ஒரு தடவை 8 காட்டுது. எதை நம்புறது?

காற்றை அளந்தால் அப்படித்தான் காட்டும். கதவைத் திறந்த நொடியில் காற்று சூடாகிவிடும், கம்ப்ரசர் ஓடி முடிக்கும் நேரத்தில் தாழ்ந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது உணவின் வெப்பநிலை. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல் வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம், அதுதான் ஃபிரிட்ஜிலேயே சூடான இடம். இரவு வைத்துவிட்டு, காலையில் யாரும் கதவைத் திறப்பதற்கு முன் முதல் ஆளாகப் படியுங்கள். ஃப்ரீசரில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால், உறைந்த இரண்டு பொட்டலங்களுக்கு நடுவில் செருகி வையுங்கள்.

தெர்மாமீட்டரே சரியா என்ற சந்தேகம் வந்தால், நொறுக்கிய ஐஸ் நிறைந்த டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதில் வைத்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் எல்லா அளவிலும் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையா? ஐஸ்கிரீம் ஓரளவு துப்புக் கொடுக்கும். கரண்டி சுலபமாக இறங்கும் அளவுக்கு மெதுவாக இருந்தால் ஃப்ரீசர் மைனஸ் 18-ஐ எட்டவில்லை. கரண்டியே வளையும் அளவுக்கு இறுகியிருந்தால் தேவைக்கு மேல் குளிர்கிறது. ஃபிரிட்ஜ் பகுதிக்கு இப்படி நம்பகமான குறுக்குவழி கிடையாது. கையால் தொட்டு 4-க்கும் 8-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

டயலை மாத்தினா எவ்வளவு நேரத்துல தெரியும்?

24 மணி நேரம் விடுங்கள். நிறைய பொருள் இருந்தால் இன்னும் கொஞ்சம் ஆகும்.

ஒரு உதாரணத்தை வச்சு முழுசா காட்ட முடியுமா?

சரி, மதியம் 34 டிகிரி இருக்கும் ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்வோம். மேலே ஃப்ரீசர், கீழே ஃபிரிட்ஜ், தெர்மோஸ்டாட் ஃபிரிட்ஜ் டயலில். வீட்டார் ஃபிரிட்ஜை 4-லும் ஃப்ரீசரை 5-லும் வைத்திருக்கிறார்கள். காலையில் டம்ளர் தண்ணீர் 9 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 25. கம்ப்ரசர் கிட்டத்தட்ட நிற்பதே இல்லை.

ஃப்ரீசர் மைனஸ் 25 என்பதைக் கவனியுங்கள். இயந்திரத்தில் குளிர்விக்கும் திறன் இருக்கிறது, குளிர்தான் தவறான இடத்தில் இருக்கிறது என்று இந்த ஓர் அளவே சொல்லிவிடுகிறது. அதனால் ஃபிரிட்ஜ் டயலைத் தொடாமல் ஃப்ரீசர் டயலை மட்டும் 3-க்குக் குறைக்கிறோம். அடுத்த நாள் காலை தண்ணீர் 6, ஃப்ரீசர் மைனஸ் 21. சரியான திசையில்தான் போகிறது. இன்னும் ஓர் எண் குறைத்து 2. மறுநாள் தண்ணீர் 4, ஃப்ரீசர் மைனஸ் 19. இப்போது கம்ப்ரசரும் இடையிடையே நின்று ஓய்வெடுக்கிறது.

இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் மின்சாரம் இன்னும் மிச்சமாகுமா என்று பார்க்க ஆசை இருந்தால் ஃபிரிட்ஜ் டயலை 3-க்குக் குறைத்துப் பார்க்கலாம். தண்ணீர் 6-க்கு ஏறினால் இந்தப் பருவத்துக்கு 4 தான் இடம் என்று தெரிந்துகொண்டு திரும்பிவிட வேண்டியதுதான். ஆக ஃபிரிட்ஜ் 4, ஃப்ரீசர் 2.

பருவம் மாறி அறை 25 டிகிரிக்கு வந்ததும் இதே எண்களில் கம்ப்ரசர் குறைவாக ஓடும். கீழே 3 டிகிரி, மேலே மைனஸ் 15 என்று காட்டலாம். அப்போது ஃப்ரீசர் டயலை 3-க்கு ஏற்றினால் போதும். இதே அளவுகள் உங்கள் வீட்டில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த அளவைப் பார்த்து எந்த டயலைத் தொடுவது என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதத்துக்கும் டயலுக்கும் என்ன சம்பந்தம்? வெக்கைதானே பிரச்சினை?

வெக்கையைவிட ஈரம் தொல்லை பிடித்தது. 30 டிகிரியில், ஈரப்பதம் 80 சதவீதம் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். 4 டிகிரி காற்றால் 6 கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்க முடியும். 200 லிட்டர் ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து உள்காற்று முழுக்க மாறிவிட்டால் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் தண்ணீர் உள்ளே சிக்கிக்கொள்ளும். பார்க்கச் சிறிய அளவுதான். ஒரு நாளில் முப்பது தடவை அப்படி மாறினால் அரை டம்ளர் தண்ணீர். அது அவ்வளவும் போய்ச் சேரும் இடம் காயில், அங்கே அது பனியாகப் படியும்.

பனி கட்டாத ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் ஒரு ஹீட்டர் அந்தப் பனியை உருக்கிவிடும். தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் உள்ள தட்டில் விழுந்து ஆவியாகும். இரண்டு உருக்கலுக்கு நடுவில் படிகிற பனி அளவோடு இருக்கும்வரை சிக்கல் இல்லை. அளவுக்கு மீறினால் காயிலின் இடைவெளிகள் அடைபட்டு, ஃபேன் தள்ளும் காற்று குறைந்துவிடும். அப்போது டயல் 5-ல் இருந்தாலும் 2-ல் இருந்தாலும் கீழே குளிர் வராது.

அதனால் ஈரமான வீட்டில் டயலை விட உதவுவது இரண்டு பழக்கங்கள். குழம்போ சூப்போ, திரவமான எதையும் மூடியே வையுங்கள். திறந்து வைத்த பாத்திரத்திலிருந்து ஆவி நாள் முழுக்க எழும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள், யோசித்துவிட்டுத் திறங்கள்.

கதவோரம், ரப்பர் ஓரமெல்லாம் வெளிப்பக்கம் வேர்க்குது. டயலைக் கூட்டினா சரியாகுமா?

சரியாகாது, வேர்வை இன்னும் கூடிவிடும். நான் மேலே சொன்ன 30 டிகிரி, 80 சதவீதக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துளி விட ஆரம்பிக்கும். ரப்பருக்கு அருகே தகடு 26-க்குக் கீழே போனால் வேர்வைதான். உள்ளே எவ்வளவு குளிரோ அவ்வளவுக்கு ஓரமும் குளிரும். ஒரு எண் குறைக்க முடிந்தால் குறையுங்கள், துணியால் துடைத்துவிடுங்கள். சில மாடல்களில் ஈரம் போக்குவதற்கென்றோ மின்சேமிப்புக்கென்றோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மின்சேமிப்பு நிலையில் கதவோரத்தைச் சூடாக்கும் ஹீட்டர் அணைந்திருக்கும், ஈரமான நாட்களில் அதை மாற்றி வைக்கவேண்டும்.

ஒரே இடத்தில் மட்டும் வேர்த்தால் அங்கே ரப்பர் சரியாக ஒட்டவில்லை என்று பொருள். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கசிவு இருக்கிறது. ரப்பரின் மடிப்புகளைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே பல நேரம் மறுபடி ஒட்டும்.

எனக்கு ஒரே கதவு, ஒரே டயல். 5-ல வச்சா பின்சுவர்ல ஐஸ் பாளமா கட்டுது.

பின்சுவர் குளிர்ந்து, கம்ப்ரசர் நிற்கும்போது அந்தச் சுவரில் படிந்த பனி தானே உருகி வடியும்படி அமைத்த ஃபிரிட்ஜாக இருக்கும். உருகுவதற்கு கம்ப்ரசர் நிற்க வேண்டும். வெக்கையில் 5-ல் வைத்தால் அது நிற்பதே இல்லை, பனி ஏறிக்கொண்டே போகும், பனி ஏற ஏறக் குளிர் உள்ளே வருவது குறையும். 3-க்கு இறக்குங்கள். பாளம் ஏற்கெனவே கட்டியிருந்தால் முதலில் நிறுத்தி முழுக்க உருகவிடுங்கள். உள்ளேயே ஃப்ரீசர் பெட்டி உள்ள வகையில் பனி அரை சென்டிமீட்டர் தடிமன் ஆனதும் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிடலாம்.

கத்தியால் குத்தி எடுக்கவே வேண்டாம். தகட்டுக்குள் கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது, ஒரு துளை விழுந்தால் ஃபிரிட்ஜோடு போயிற்று.

காய்கறி பின்னால ஒட்டியிருக்கிறது மட்டும் உறையுது. டயலைக் குறைக்கணுமா?

முதலில் தண்ணீர் டம்ளரைப் பாருங்கள். அது 3, 4 காட்டினால் டயல் சரி, வைத்த இடம்தான் தப்பு. காற்று வரும் துளையின் முன்னால் நிற்பவை எப்போதும் மற்றவற்றைவிடக் குளிரும். நாலு விரல் முன்னால் நகர்த்துங்கள். துளையை மறைத்துப் பாத்திரம் அடுக்கினால் அந்தப் பாத்திரம் உறையும், மற்ற தட்டுகளுக்குக் காற்றே போகாது. டம்ளர் 1 அல்லது 2 காட்டினால்தான் டயலில் ஒரு எண் குறைக்க வேண்டும்.

கரண்ட் போய் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. சீக்கிரம் குளிர 5-க்குத் திருப்பலாமா?

தேவையில்லை. சூடேறியிருப்பதால் கம்ப்ரசர் எப்படியும் இடைவிடாமல் ஓடத்தான் போகிறது. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் பகுதி நான்கு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆனால் அறை 35 டிகிரியில் இருந்தால் அந்த நான்கு மணி நேரத்தை முழுசாக நம்ப வேண்டாம். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் ஒரு நாளைத் தாண்டியும் உறைந்தே இருக்கும்.

எல்லாம் சொன்ன மாதிரி செஞ்சாச்சு. இன்னும் 8 டிகிரிக்குக் கீழ இறங்கலை. அடுத்து?

இதற்கு மேல் டயலில் தேட எதுவும் இல்லை. ஃப்ரீசரின் அளவை வைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசர் நன்றாக இருந்து கீழே மட்டும் சூடு என்றால், காற்று இறங்கவில்லை. ஃபிரிட்ஜ் பகுதியில் காற்று வரும் துளைக்கு முன்னால் கையை வையுங்கள். காற்றே தெரியவில்லை, மேலே ஃபேன் எதிலோ உரசுகிற சத்தமும் கேட்கிறது என்றால் காயில் பனியில் மூடியிருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் ஒரு நாள் திறந்து போடுங்கள். கீழே பழைய துணி விரித்து வையுங்கள், எதிர்பார்த்ததைவிட அதிகத் தண்ணீர் வரும். அதற்குப் பிறகு நன்றாக ஓடினால், எப்போதோ கதவு சரியாக மூடாமல் கிடந்திருக்கலாம். ஓரிரு வாரத்தில் அதே நிலை திரும்பினால் உருக்கும் ஹீட்டரோ அதன் டைமரோ உணரியோ பழுது. மெக்கானிக்கிடம் இந்த வரலாற்றை அப்படியே சொல்லுங்கள், கேஸ் நிரப்பும் பேச்சு பெரும்பாலும் எழாது.

ஃப்ரீசரும் மைனஸ் 10-ஐத் தாண்டவில்லை, கம்ப்ரசரோ நிற்காமல் ஓடுகிறது என்றால் வெப்பம் வெளியேறவில்லை அல்லது கேஸ் குறைந்திருக்கிறது. செலவில்லாததை முதலில் பாருங்கள்: ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், பின்னாலோ அடியிலோ கம்பிவலை போன்ற காயில் இருந்தால் தூசியைத் துடையுங்கள், அடுப்பு அருகில் இருந்தால் இடம் மாற்றுங்கள். இவற்றுக்குப் பிறகு ஒரு நாள் கழித்தும் அளவு நகரவில்லை என்றால் ஆளைக் கூப்பிடலாம். அவர் வரும்போது டயல்கள் 3-லேயே இருக்கட்டும், டம்ளர் தண்ணீரும் உள்ளேயே இருக்கட்டும்.